ஓரத்தில் தவறும் கணக்கு: எக்கோ சவுண்டரும் ஆற்றின் குறுக்குவெட்டும்

மாயனூரைத் தாண்டியதும் காவிரி விரிந்துகொண்டே போகிறது. குளித்தலைப் பக்கம் கரையில் நின்று பார்த்தால் முசிறிக் கரையின் மரங்கள் ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். அகண்ட காவிரி என்று ஊர் சொல்வது இந்தப் பகுதியைத்தான். அகலம் இவ்வளவு இருந்தாலும் ஆழம் அதற்கு ஈடாக இருப்பதில்லை. மேட்டூரிலிருந்து மிதமாகத் தண்ணீர் வரும் நாளில் ஓரிடத்தில் முழங்கால், ஓரிடத்தில் இடுப்பு, நடுவில் ஆள் முங்கும் ஆழம் என்று மாறிமாறி வரும்.

இப்படிப்பட்ட ஆற்றில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் படகிலோ பரிசலிலோ எக்கோ சவுண்டரைக் கட்டிக்கொண்டு போய், வழியெல்லாம் ஆழம் வாங்கி, அதிலிருந்து குறுக்குவெட்டை வரைந்து, நீர் ஓடும் பரப்பைச் சதுர மீட்டரில் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. பாலம் கட்டுகிறவர்கள், தடுப்பணை திட்டமிடுகிறவர்கள், வெள்ள அளவு கணக்கிடுகிறவர்கள், மணல் எடுத்த பள்ளத்தை அளக்கிறவர்கள் என எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பரப்பை நீரோட்ட வேகத்தால் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். எனவே பரப்பில் ஐந்து சதவீதம் பிசகினால், வேகத்தை எவ்வளவு கவனமாக அளந்திருந்தாலும், நீரளவிலும் அதே ஐந்து சதவீதம் பிசகும்.

இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இதன் துல்லியம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை நாம் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். ஆழமான நீருக்கென்று வளர்ந்த கருவி இது. நம் ஆறுகள் அகலமானவை, ஆழம் குறைந்தவை. கருவியின் பலவீனம் எதுவோ அது சரியாக இந்த வகை ஆற்றின் மேல்தான் விழுகிறது.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையானது. இதற்கு முன் ஆழம் பார்க்க இரண்டு வழிகள் இருந்தன: அளவு குறித்த கழி, அல்லது நுனியில் ஈயக்குண்டு கட்டிய கயிறு. கழி மெதுவாக ஓடும், ஆழம் குறைந்த நீரில் மட்டும் நிற்கும். சேற்றில் அது தானாகவே இறங்கும், மணலில் ஊன்றுகிறவரின் கைப்பலத்துக்கு ஏற்ப இறங்கும். கயிற்றை வெள்ளம் இழுத்துச் சாய்த்துவிடும். சாய்ந்த கயிற்றின் நீளம் ஆழத்தை விட அதிகம் என்பதால் கோணத்தை அளந்து திருத்தம் போட வேண்டும். வெள்ளத்தின் நடுவே, மரக்கட்டைகள் அடித்துக்கொண்டு வரும்போது, அந்தக் கோணத்தை யார் ஒழுங்காக அளந்தார்கள்? அதனால் பலரும் கோடையில் காய்ந்து கிடக்கும் ஆற்றில் லெவல் கருவியை வைத்துக் குறுக்குவெட்டு எடுத்து, வெள்ளத்தின்போது நீர்மட்டத்தை மட்டும் பார்த்து, பழைய வெட்டின் மேல் ஒரு கோடு போட்டுப் பரப்பு சொல்லிவிடுவார்கள்.

மணல் ஆற்றில் அது பெரிய தவறு. வெள்ளம் ஏறும்போது மணற்படுகை அரிக்கப்பட்டுத் தாழ்கிறது, வெள்ளம் வடியும்போது மணல் மீண்டும் படிந்து மேடாகிறது. கோடையில் நாம் பார்க்கும் படுகை வெள்ளத்தின் உச்சத்தில் இருந்த படுகை அல்ல. ஓடும் நீரின் அடியில் அந்த நேரத்தில் என்ன இருக்கிறது என்பதை, படுகை வரை எதையும் இறக்காமல், கரைக்குக் கரை ஒரே ஓட்டத்தில் சொல்ல எக்கோ சவுண்டரால் முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

கருவி செய்வது எளிமையான வேலை. நீரில் அமிழ்ந்திருக்கும் டிரான்ஸ்டூசர் ஒரு ஒலித்துடிப்பைக் கீழே அனுப்புகிறது. அது படுகையில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை நீரில் ஒலியின் வேகத்தால் பெருக்கி, பாதியாக்கினால் ஆழம். ஆனால் அது எங்கிருந்து அளந்த ஆழம்? டிரான்ஸ்டூசரின் முகத்திலிருந்து. நீர்ப்பரப்பிலிருந்து அல்ல. இந்த வேறுபாட்டில்தான் இந்தக் கட்டுரையின் பாதி இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அகண்ட காவிரியில் நீர் ஒரு வாய்க்காலாக ஒதுங்கி ஓடும் இடம் ஒன்று. நீர் விளிம்பிலிருந்து விளிம்புக்கு 200 மீட்டர். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பது இடக்கரை, அங்கேதான் தூரம் சுழி. டிரான்ஸ்டூசர் நீருக்குள் 0.30 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது. இடக்கரையிலிருந்து 12 மீட்டர் வரையும் வலக்கரைப் பக்கம் கடைசி 24 மீட்டரிலும் படகு போக முடியவில்லை.

| இடக்கரையிலிருந்து தூரம் (மீ) | கருவி காட்டியது (மீ) | நீர்ப்பரப்பிலிருந்து ஆழம் (மீ) |
|---|---|---|
| 0 | – | 0 |
| 12 | 0.62 | 0.92 |
| 20 | 0.95 | 1.25 |
| 40 | 1.40 | 1.70 |
| 60 | 1.85 | 2.15 |
| 80 | 2.30 | 2.60 |
| 100 | 2.55 | 2.85 |
| 120 | 2.10 | 2.40 |
| 140 | 1.50 | 1.80 |
| 160 | 0.98 | 1.28 |
| 176 | 0.60 | 0.90 |
| 200 | – | 0 |

அடுத்தடுத்த இரண்டு ஆழங்களின் சராசரியை அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தால் பெருக்கினால் ஒரு சரிவகத்தின் பரப்பு. எல்லாச் சரிவகங்களையும் கூட்டினால் முழுப் பரப்பு. தூரம் A பத்தியிலும் ஆழம் B பத்தியிலும் இரண்டாவது வரியிலிருந்து இருந்தால், எக்செல்லில் ஒரே வரி போதும்:

```
=SUMPRODUCT(A3:A13-A2:A12,(B3:B13+B2:B12)/2)
```

விடை 337.7 சதுர மீட்டர். இதில் படகு போன 164 மீட்டர் தந்தது 321.4. போகாத இரண்டு ஓரங்களையும் முக்கோணங்களாக வைத்துக்கொண்டதால் வந்தது 16.3. முழுப் பரப்பை அகலத்தால் வகுத்தால் சராசரி ஆழம் 1.69 மீட்டர்.

இனி ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவோம். டிரான்ஸ்டூசர் அமிழ்ந்திருக்கும் 0.30 மீட்டரைக் கூட்ட மறந்துவிட்டோம், கருவி காட்டியதையே ஆழம் என்று எடுத்துக்கொண்டோம். பரப்பு 283.1 ஆகிவிடுகிறது. 54.6 சதுர மீட்டர் காணாமல் போனது, அதாவது ஆற்றில் ஆறில் ஒரு பங்கு. வரைபடத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேடு மேடாகவே இருக்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும், கோடு அழகாக வளைந்து போகும். படுகை முழுவதும் ஒரே அளவு மேலேறியிருக்கிறது, அவ்வளவுதான். வடிவம் சரியாக இருப்பதாலேயே பரப்பும் சரி என்று கண் நம்பிவிடுகிறது.

முப்பது சென்டிமீட்டரை முழுதாக மறப்பது அபூர்வம் என்று சொல்லலாம். ஐந்து சென்டிமீட்டர் மறப்பது அன்றாடம் நடப்பது. கரையில் காலிப் படகில் அமிழ்வளவைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். பிறகு மூன்று பேர் ஏறுகிறார்கள், பேட்டரி ஏறுகிறது, எஞ்சின் ஓடியதும் பின்பக்கம் தாழ்கிறது. பரிசலில் இது இன்னும் மோசம். வட்டமான, அடி தட்டையான அந்தக் கலத்தில் விளிம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டிய குழாயின் நுனியில் டிரான்ஸ்டூசர் தொங்கும். துடுப்புப் போடுகிறவர் இந்தப் பக்கம் சாய்ந்தால் குழாய் மேலே வரும், நோட்டில் எழுதுகிறவர் அந்தப் பக்கம் நகர்ந்தால் கீழே போகும். கருவி திரையில் இரண்டு தசமத்துக்கு ஆழம் காட்டிக்கொண்டிருக்கும்போது, அது தொங்கும் இடமே ஒரு சாண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பரிசல் ஆடுவதால் ஒரு வாசிப்பு ஐந்து சென்டிமீட்டர் கூடும், அடுத்தது ஐந்து குறையும் என்றால், அது கவலைப்பட வேண்டிய பிழை அல்ல. மேலே உள்ள பத்து ஆழங்களிலும் அப்படி ஆளுக்கொரு பக்கமாக ஐந்து சென்டிமீட்டர் பிசகினால், ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு, மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 3 சதுர மீட்டர்தான் பிசகும். அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பத்துக்குப் பதில் படகு போகும் வழியெல்லாம் நூற்றுக்கணக்கில் வாசிப்புகள் இருந்தால் அது இன்னும் சுருங்கி, இல்லாதது போலவே ஆகிவிடும். நொடிக்குப் பலமுறை துடிக்கும் கருவி தரும் உண்மையான லாபம் இது.

ஆனால் எல்லா வாசிப்புகளும் ஒரே பக்கமாக ஐந்து சென்டிமீட்டர் பிசகியிருந்தால் கணக்கே வேறு. பரப்பில் 9.1 சதுர மீட்டர், அதாவது 2.7 சதவீதம் போகிறது. பத்து வாசிப்பு எடுத்தாலும் 9.1, ஆயிரம் எடுத்தாலும் 9.1. எண்ணிக்கை அதிகமாக அதிகமாக நம் நம்பிக்கைதான் கூடுகிறது, பிழை அங்குலமும் நகர்வதில்லை. அறிக்கைகளில் "800 புள்ளிகளின் அடிப்படையில் கணக்கிடப்பட்ட பரப்பு" என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது இதுதான். எண்ணிக்கையைச் சொல்கிறார்கள், அமிழ்வளவை எப்போது, யார் யார் படகில் இருக்கும்போது அளந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இந்த ஒருபக்கப் பிழை சதவீதத்தில் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது சராசரி ஆழம். பத்து மீட்டர் ஆழமுள்ள ஆற்றில் அதே ஐந்து சென்டிமீட்டர் அரை சதவீதம்தான், விட்டுவிடலாம். நம் கணக்கில் அது மூன்று சதவீதத்தை நெருங்குகிறது. சராசரி ஆழம் 60 சென்டிமீட்டராகக் குறைந்தால் எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். துறைமுக வேலையிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பழக்கங்களை அப்படியே ஆற்றுக்குக் கொண்டுவந்தது இங்கேதான் பிசகுகிறது.

துறைமுகப் பழக்கம் எதை எண்ணிக் கவலைப்படுகிறது என்று பாருங்கள். ஒலியின் வேகத்தை. கடலில் அது நியாயமான கவலை. உப்பும் வெப்பமும் ஆழத்துக்கு ஆழம் மாறும், இருபது முப்பது மீட்டர் தண்ணீரில் வித்தியாசம் தெரியும். கருவியில் வழக்கமாக வினாடிக்கு 1500 மீட்டர் என்று வைத்திருப்பார்கள். 30 டிகிரி வெப்பமுள்ள நன்னீரில் ஒலி 1509 மீட்டர் போகும். வித்தியாசம் 0.6 சதவீதம். நம் குறுக்குவெட்டின் ஆழமான இடத்தில் அது ஒன்றரை சென்டிமீட்டர், மொத்தப் பரப்பில் இரண்டு சதுர மீட்டருக்கும் குறைவு. திருத்திவிடுங்கள், நல்லதுதான். ஆனால் வெப்பமானியை நாள் முழுவதும் தண்ணீரில் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர், அமிழ்வளவைக் காலையில் ஒரே முறை பார்த்ததோடு நிறுத்தினால், எது முக்கியம் என்பதைத் தவறாக எடைபோட்டிருக்கிறார்.

சிம்ப்சன் விதி பற்றிய பிடிவாதமும் அப்படித்தான். சரிவகத்தை விட அது நுட்பமானது என்பதால் அதையே பயன்படுத்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதற்கு இடைவெளிகள் சமமாகவும் அவற்றின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவும் இருக்க வேண்டும். ஆற்றில் அப்படி அமைவதில்லை. நம் அட்டவணையில் 20 முதல் 140 வரை அது பொருந்துகிறது, போட்டுப் பார்த்தேன்: சரிவகத்தில் 264.5, சிம்ப்சனில் 265.7. அரை சதவீத வித்தியாசம்கூட இல்லை. வாசிப்புகள் நெருக்கமாக இருந்தால் அதுவும் மறைந்துவிடும். இதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

ஒருபக்கப் பிழை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பழைய, எளிய வழி இருக்கிறது. ஒரு தட்டையான இரும்புத் தகட்டை, அளவு குறித்த இரண்டு சங்கிலிகளில் கட்டி, டிரான்ஸ்டூசருக்கு நேர் கீழே இறக்குவது. நீர்ப்பரப்பிலிருந்து ஒரு மீட்டரில் தகட்டை நிறுத்தி, கருவி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு மீட்டரில். அமிழ்வளவைக் கூட்டிய பிறகு முதலில் 0.95, அடுத்து 1.95 என்று வந்தால், இரண்டிலும் பிழை ஒரே ஐந்து சென்டிமீட்டர். அமிழ்வளவைத்தான் தவறாக எடுத்திருக்கிறோம். பிழை ஆழத்தோடு சேர்ந்து வளர்ந்தால் ஒலியின் வேகம் தவறு. இரண்டு நோயையும் பிரித்துச் சொல்லும் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். எல்லோரும் படகில் ஏறிய பிறகு, ஓட்டம் குறைந்த ஓர் இடத்தில், வேலைக்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த குறுக்குவெட்டை நான் பரப்புக் கணக்குக்கு ஏற்றுக்கொள்ள மாட்டேன். வடிவத்தைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன்.

இனி ஓரங்கள். படகு நின்ற இடத்துக்கும் நீர் விளிம்புக்கும் இடையில் கருவிக்குக் கண் இல்லை. படகு இன்னும் கொஞ்சம் போக முடிந்தாலும் பயனில்லை; டிரான்ஸ்டூசர் தன் துடிப்பின் அதிர்வு அடங்குவதற்குள் திரும்பி வரும் எதிரொலியைப் பிரித்தறியாது. கருவிக்குக் கருவி மாறினாலும், முகத்துக்குக் கீழே அரை மீட்டருக்குள் வந்துவிட்டால் வாசிப்பை நம்ப முடியாது என்பதே அனுபவம். அந்த இடத்தில் நாம் ஒரு நேர்க்கோட்டைப் போட்டு முக்கோணம் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த நேர்க்கோட்டை ஆறு வரையவில்லை, நாம் வரைந்தோம்.

நம் கணக்கில் வலக்கரை அரித்த கரை என்று வைத்துக்கொள்வோம். யாராவது கழியோடு இறங்கி நடந்து பார்த்தால் 184-இல் 0.85, 192-இல் 0.80, 198-இல் 0.70 என்று தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் வந்து, கடைசி இரண்டு மீட்டரில் கரை செங்குத்தாக எழும். முக்கோணம் தந்த 10.8 சதுர மீட்டருக்குப் பதில் உண்மையில் 18.8. இடக்கரை மணல் திட்டு என்று வைத்துக்கொண்டால் கதை எதிர்ப்பக்கம் போகும்: 8-இல் 0.30, 4-இல் 0.10 என்று சீக்கிரமே மேடாகிவிடும், முக்கோணத்தின் 5.5-க்குப் பதில் 3.4. இரண்டையும் சேர்த்தால் நிகரமாக ஆறு சதுர மீட்டர் கூடுகிறது, பரப்பு 343.7 ஆகிறது.

வளைவில் வெளிக்கரை அரிபட்டு நிற்கும், உட்கரை மணல் ஏறிச் சாயும் என்பது ஆற்றோரம் வளர்ந்த எவருக்கும் தெரியும். ஆகவே முக்கோணம் எந்தப் பக்கம் குறைக்கும், எந்தப் பக்கம் கூட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்படியிருந்தும் மென்பொருள் இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கோட்டைப் போட்டுவிடுகிறது, நாமும் விட்டுவிடுகிறோம். படகில் ஏறாமல் கரையோரம் நடக்கும் ஒருவர், ஒரு லெவலிங் ஸ்டாஃப், அரை மணி நேரம். இவ்வளவு மலிவாகத் தீரும் பிழையை விட்டுவைப்பதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை. அவர் படகின் கடைசி வாசிப்பு வரை வந்து, அதற்கும் உள்ளே மார்பளவு ஆழத்தில் ஓட்டம் அனுமதிக்கும் வரை இரண்டு மூன்று இடங்களில் ஸ்டாஃபை ஊன்றினால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே இடத்தில் கழியும் கருவியும் சொல்வதை ஒப்பிட முடியும். தகட்டுச் சோதனை செய்யாதவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. சேறு இல்லாத கடின மணலில் மட்டும் இந்த ஒப்பீடு செல்லும் என்பதை மறக்கக் கூடாது. சேற்றில் கழி உள்ளே போகும், அதிக அதிர்வெண் ஒலியோ சேற்றின் மேல்தோலிலேயே திரும்பிவிடும். இரண்டும் இரண்டு வெவ்வேறு படுகைகளை அளந்துகொண்டிருக்கும்.

ஆழம் குறைந்த ஓரத்திலேயே இன்னொரு ஏமாற்றும் நடக்கும். கடின மணலில் ஒலி பலமாகத் திரும்பி, நீர்ப்பரப்பில் மோதி, மறுபடி கீழே போய் இரண்டாவது முறை எழும். கருவி முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால், 0.62 காட்ட வேண்டிய இடத்தில் 1.54 காட்டும், அதாவது 0.62-உம் 0.92-உம் சேர்ந்த தொகை. கரையை நெருங்க நெருங்கப் படுகை திடீரென்று ஒரு பள்ளத்தில் விழுவது போல் வரைபடத்தில் தெரியும். அண்டை வாசிப்பை இரட்டித்து அமிழ்வளவைக் கூட்டிப் பாருங்கள். அந்த எண் வந்தால் அது பள்ளம் அல்ல. நீரடிச் செடிகளுக்கும் பாசிக்கும் இதற்கு நேர் எதிரான குணம். அவற்றில் பட்டு ஒலி சீக்கிரமே திரும்பிவிடுவதால் இல்லாத மேடு முளைக்கும். ஒற்றை மேடு என்றால் கண்டுபிடித்துவிடலாம். பாசி விரிப்பாகப் படர்ந்த இடத்தில் கழியைத் தவிர வேறு வழி இல்லை.

பரப்பு என்பது ஆழமும் அகலமும் சேர்ந்தது. ஆழத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் அகலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. குறுக்குவெட்டு நீரோட்டத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். படகு அப்படிப் போகாது. நீர் இழுக்கும், ஓட்டுகிறவர் எதிர்த்துத் திருப்புவார், பாதை வில் போல் வளையும். ஜி.பி.எஸ். அந்த வளைந்த பாதையின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால், 200 மீட்டர் ஆறு 210 மீட்டராக ஆகிவிடும், பரப்பும் அதே விகிதத்தில் ஊதும். நேர்க்கோட்டிலேயே போனாலும், அந்தக் கோடு செங்குத்திலிருந்து பத்து டிகிரி விலகியிருந்தால் பரப்பு ஒன்றரை சதவீதம் கூடும், இருபது டிகிரி என்றால் ஆறு சதவீதத்துக்கு மேல். இரு கரையிலும் நட்ட இரண்டு கல்லுக்கு இடையே உள்ள கோட்டின் மேல் ஒவ்வொரு வாசிப்பையும் இறக்கி, அந்தக் கோட்டின் வழியேதான் தூரத்தை எண்ண வேண்டும். கல்லை நடும்போதே ஓட்டத்தின் திசையைப் பார்த்து நட வேண்டும். காவிரி போன்ற ஆற்றில் நீர் குறைந்த நாளில் வாய்க்கால் மணலுக்குள் குறுக்கும் நெடுக்கும் திரும்பி ஓடும். கரைக்குச் செங்குத்தான கோடு அன்றைய ஓட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வெள்ளத்துக்கு ஒரு கோடு, குறைநீருக்கு இன்னொரு கோடு என்று வைத்துக்கொள்வதே சரி.

வரைவதைப் பற்றி ஒரு சொல். கிடைமட்டத்தில் 1:1000, செங்குத்தில் 1:100 என்று வரைவது வழக்கம். இருநூறு மீட்டர் அகலம் தாளில் இருபது சென்டிமீட்டர், 2.85 மீட்டர் ஆழம் 2.85 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் படுகையே கண்ணுக்குத் தெரியாது. எனவே இந்தப் பெரிதாக்கல் தேவைதான். ஆனால் பத்து மடங்கு நிமிர்த்திய படத்தில் சாய்வான மணல் திட்டு பள்ளத்தாக்குச் சுவர் போலத் தெரியும், பார்க்கிறவர் ஆற்றை ஆழமானதாக நினைப்பார். இரண்டு அளவுகோலையும் படத்திலேயே எழுதுவதோடு, செங்குத்து அச்சில் ஆழத்தை எழுதாமல் படுகை மட்டத்தை எழுத வேண்டும். நீர்மட்டத்தின் ஆர்.எல்.-லிலிருந்து ஆழத்தைக் கழித்தால் படுகையின் ஆர்.எல். வந்துவிடும். அளவெடுக்கும் இரண்டு மணி நேரத்தில் அணையிலிருந்து தண்ணீர் கூட்டித் திறந்து, நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் ஏறிவிட்டால், காலை வாசிப்பும் மதிய வாசிப்பும் வேறு வேறு தளத்திலிருந்து அளந்தவை ஆகிவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்ட அளவுகோலைப் பார்த்து எழுத ஒருவர் கரையில் இல்லையென்றால் இது யாருக்கும் தெரியவே போவதில்லை.

ஆர்.எல். இல்லாத குறுக்குவெட்டின் குறை முழுதாக வெளிப்படுவது, இரண்டு குறுக்குவெட்டுகளைக் கழிக்கும்போதுதான். மணல் எடுப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்து, பரப்பு எவ்வளவு கூடியது என்று பார்ப்பது இந்த முறையின் மிகக் கடினமான பயன்பாடு. இரண்டு நாளும் நீர்மட்டம் ஒன்றாக இருக்காது. ஒரு குறிப்பிட்ட ஆர்.எல்.-ஐ மேல்கோடாக வைத்து, அதற்குக் கீழே உள்ள பரப்பை இரண்டு முறையும் கணக்கிட்டால்தான் கழிக்க முடியும். நம் உதாரணத்தில் படுகை சராசரியாக எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் பரப்பு 16 சதுர மீட்டர் கூடும். ஒரு பருவத்தில் எடுத்த மணலுக்கு இது நம்பத்தக்க எண்தான். ஆனால் முதல் முறை ஒரு படகு, இரண்டாம் முறை வேறு படகு, அமிழ்வளவில் ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடு என்றால், அதுவே ஒன்பது சதுர மீட்டர். கண்டுபிடித்த மாற்றத்தில் பாதிக்கு மேல் படகு மாறியதால் வந்ததாக இருக்கலாம். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இதே பிழை இருந்தால் 9,000 கன மீட்டர், லாரிக் கணக்கில் ஏறக்குறைய 3,200 யூனிட் மணல். அந்த மணலை யாரும் எடுக்கவில்லை. பிழை மறுபக்கம் விழுந்தால் எடுத்த மணல் கணக்கில் மறைந்துபோகும். இரண்டுமே அநியாயம்.

ஒரே குழு, ஒரே படகு, ஒரே ஆட்கள், ஒரே கற்கள் என்று இரண்டு முறையும் செய்தால் ஒருபக்கப் பிழை கழித்தலில் பெரும்பாலும் நீங்கிவிடும். அப்படி அமையாதபோது, இரண்டு நாளும் நீருக்கு வெளியே நிற்கும், யாரும் கை வைக்காத மணல் மேட்டையோ பாறையையோ லெவல் கருவியால் அளந்து ஆர்.எல். ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நீருக்கு அடியில் ஒரு பாலத்தூணின் கான்கிரீட் அடித்தளம் போன்ற மாறாத பரப்பு இருந்தால் அதன் மேல் படகை நிறுத்தி, கருவி இரண்டு நாளும் ஒரே மட்டத்தைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லவில்லையென்றால், அந்த வித்தியாசத்தை முழுக் குறுக்குவெட்டிலிருந்தும் கழித்துவிட்டு, எதை வைத்துக் கழித்தோம் என்பதையும் அட்டவணைக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.